போஸ்டர் வாசகம்: சுருக்கிய வடிவம்

தம்பி,

நீ அனுப்பிய போஸ்டரை நேற்று இரவு சுவரில் ஒட்டி, காபி தம்ளரோடு இரண்டு முறை குறுக்கே நடந்து பார்த்தேன். தலைப்பையே படித்து முடிக்கவில்லை, அதற்குள் கடந்துவிட்டேன். வேலை நல்ல வேலை. ஆனால் சுவாரஸ்யமான விஷயம் மூன்றாவது பத்தியின் அடியில் கிடக்கிறது. அதை மேலே தூக்கி, மற்றதை வெட்டி, திரும்ப எழுதியிருக்கிறேன்.

உன் தலைப்பு "ஒருங்குறிக் குறியேற்ற முறைமையில் தமிழ் எழுத்தலகுகளின் குறிப்புள்ளிப் பகுப்பும் சரநீளக் கணிப்பில் அதன் தாக்கமும்: ஓர் ஆய்வு". இதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள். போஸ்டருக்கு இது:

கணினிக்கு 'அம்மா' ஐந்தெழுத்து

அடுத்து, பெரிய எழுத்தில், இடது பக்கம்:

கேள்வி
ஊர்ப்பெயரைப் பத்து எழுத்துக்குள் கேட்கிறது ஒரு படிவம். 'யாழ்ப்பாணம்' ஆறே எழுத்து. பிறகு ஏன் "நீளம் அதிகம்" என்கிறது?

விடை
கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, குறிகளை. 'யாழ்ப்பாணம்': எழுத்து 6, குறி 11. தமிழின் 247 எழுத்துகளில் 216-க்கு இரண்டு குறிகள் வேண்டும்.

இந்த இரண்டு பெட்டியும் போதும், நடந்து போகிறவருக்கு. ஒருங்குறியின் வரலாறு பற்றி நீ எழுதிய பத்தியை முழுவதும் எடுத்துவிட்டேன். அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர் நின்று கேட்டால் வாயால் சொல்.

நடுவில் படம். உன் நான்கு வரைபடங்களில் ஒன்றுகூட வேண்டாம். 'அம்மா'வைப் பெரிதாகப் போட்டுப் பிரித்துக் காட்டு:

அ │ ம, புள்ளி │ ம, கால்
எழுத்து 3, குறி 5

நின்று படிப்பவருக்கு வலது பக்கம், சிறிய எழுத்தில்:

எப்படி எண்ணினோம்
247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பைதானின் `len()`-க்குக் கொடுத்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆகிய 31-உம் ஒரு குறி. மெய் 18, மற்ற உயிர்மெய் 198 ஆகிய 216-உம் இரண்டு குறி. மொத்தம் 463. (ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களின் துணைக்குறி NFC வடிவில் ஒரே குறியாக இருக்கும்போது.)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியை மட்டும் வெட்டிவிடாதே. NFD வடிவில் அந்த 54 எழுத்துகளும் மும்மூன்று குறியாகிவிடும், 463 என்பது பொய்யாகிவிடும். தெரிந்த ஒருவர் வந்து முதலில் அதைத்தான் கேட்பார். இதற்கு நீ போட்டிருந்த அரைப்பக்க அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள், போஸ்டரில் வேண்டாம்.

என்ன செய்யலாம்
`len()`-ஐ நம்பாமல், பயனருக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுதியை எண்ணலாம்.

```
import regex
s = "யாழ்ப்பாணம்"
len(s)                        # 11
len(regex.findall(r"\X", s))  # 6
```

எங்கே பொருந்தாது
'க்ஷ'வை இந்த முறை இரண்டாக எண்ணும். 'ஸ்ரீ'யும் அப்படியே.

நீ "சில வரம்புகள் உள்ளன, எதிர்காலத்தில் ஆராயப்படும்" என்று எழுதியிருந்தாய். எந்த வரம்பு என்று சொல்லாமல் வரம்பு இருக்கிறது என்பது, கடைக்காரர் "சரக்கில் ஏதோ குறை இருக்கு சார்" என்பது மாதிரி. இரண்டு எடுத்துக்காட்டும் உன் குறிப்பேட்டிலேயே இருந்தன, எடுத்து வைத்தேன்.

'முடிவுரை' பெட்டியை நீக்கிவிட்டேன். முடிவு மேலேயே இருக்கிறது, இன்னொரு தடவை எதற்கு? நன்றியுரை அடியில் ஒரே வரி. உன் வழிகாட்டி பெயரைச் சேர்க்க மறந்திருந்தாய், அதை மட்டும் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் உனக்குத்தான் சங்கடம்.

ஒரு சந்தேகம் எனக்கே இருக்கிறது: 'குறி' என்ற சொல். நீ 'குறிப்புள்ளி' என்று எழுதியிருந்தாய், அது துல்லியம். ஆனால் பக்கத்திலேயே மெய்யின் 'புள்ளி'யும் வருவதால் படிப்பவர் குழம்புவார் என்று மாற்றினேன். பிடிக்கவில்லை என்றால் பழையதையே போடு, ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் PDF-ஐத் திறந்து 'யாழ்ப்பாணம்', 'ஸ்ரீ', 'ஔ' மூன்றையும் பெரிதாக்கிப் பார். எழுத்துரு உள்ளே பதியாமல் போய் கால் தனியாக, புள்ளி தனியாக வந்தால், இந்தப் போஸ்டரில் அதை எவரும் பிழை என்று நினைக்க மாட்டார்கள், வேண்டுமென்றே போட்டது என்பார்கள்.

அக்கா