எந்தக் கடதாசி விமானம் அதிக தூரம் பறக்கும்? (தரம் 7, விஞ்ஞானச் செயற்பாட்டுத் தாள்)

இடம்: பாடசாலை மண்டபம், திருகோணமலை
நேரம்: காலை, முதல் இரண்டு பாடவேளைகள்
குழு: மூவர். ஒருவர் எறிபவர், ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர்.
தேவையானவை: ஒரே கட்டிலிருந்து எடுத்த ஏ4 தாள்கள் மூன்று, அளவு நாடா, சுண்ணக்கட்டி, பேனா. பென்சில் வேண்டாம், காரணம் கீழே வரும்.

பிள்ளைகளே, கடதாசி விமானம் விடத் தெரியாதவர் உங்களில் யாரும் இல்லை. எது தூரம் போகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். அந்த வாதத்தை இன்று அளவு நாடாவைக் கொண்டு தீர்ப்போம்.

முதலில் கருதுகோள்

ஒரு விமானமும் பறக்கும் முன்பே கருதுகோளைக் கொப்பியில் எழுதுங்கள். "ஈட்டி வெல்லும்" என்பது வெறும் ஊகம். "ஈட்டியின் சிறகுகள் ஒடுங்கியவை, காற்றுத்தடை குறைவு, ஆகவே அதன் சராசரித் தூரம் மற்ற இரண்டையும்விட அதிகமாக இருக்கும்" என்று காரணத்தோடு எழுதினால் அது கருதுகோள். அளந்து பார்த்து அது பிழை என்றும் காட்டலாம். பிழையாகிவிட்டால் அழிக்காதீர்கள். பிழையான கருதுகோளுக்கு நான் புள்ளி குறைப்பதில்லை. அழித்த கருதுகோளுக்குக் குறைப்பேன்.

மூன்று வடிவங்கள்

அ. ஈட்டி: தாளை நீளவாக்கில் மடித்து விரித்து, மேல் மூலைகளை நடுக்கோட்டுக்கு இருமுறை மடித்துச் சிறகு இறக்குங்கள்.
ஆ. அகன்ற சிறகு: மேல் விளிம்பைச் சிறு சிறு மடிப்பாகத் தாளின் மூன்றில் ஒரு பங்குவரை சுருட்டி மடித்து, நடுவே மடித்துச் சிறகை அகலமாக விடுங்கள்.
இ. மொட்டை மூக்கு: மூலைகளை நடுவுக்கு மடித்து, வரும் முக்கோணத்தைக் கீழே மடித்து, மறுபடி மூலைகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கூர் மறைந்து, நிறை முன்பக்கம் திரளும்.

மாற்றுவது ஒன்றே ஒன்று

வடிவம்தான் சாரா மாறி. தூரம் சார் மாறி. மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

காற்றைப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம் என்று விற்கும் ஏ4 தாள் ஒன்றின் நிறை 5 கிராம்தான். கடற்காற்று அதை என்ன பாடுபடுத்தும்! அதனால்தான் மைதானம் இல்லை, மண்டபம். கடல் பக்க யன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள்.

எறிபவரும் மாறக்கூடாது. 2012இல் ஜோன் கொலின்ஸ் வடிவமைத்த கடதாசி விமானம் 69.14 மீற்றர் பறந்து உலக சாதனை படைத்தது. எறிந்தவர் அவரல்லர், அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து பழகிய ஜோ அயூப். கைக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. நடுவில் ஆள் மாறினால் நீங்கள் அளப்பது வடிவத்தையா, கையையா?

சுண்ணக்கட்டிக் கோட்டில் நின்று, ஓடாமல், தோள் உயரத்தில் எறியுங்கள். விமானம் தரையை முதலில் தொட்ட இடம்வரை அளவுங்கள். மண்டபத்துச் சீமெந்துத் தரை வழவழப்பானது. வழுக்கிப் போன தூரம் பறந்த தூரம் ஆகாது. சுவரிலோ கதிரையிலோ பட்டால் மட்டும் மறுபடி எறியலாம். இந்த விதியைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

பதிவுத்தாள்

சென்ற தவணையில் ஒரு குழு நிரப்பியது. இதே அட்டவணையை உங்கள் கொப்பியில் வரைந்து உங்கள் அளவுகளை எழுதுங்கள். தூரம் மீற்றரில்.

| எறிதல் | அ. ஈட்டி | ஆ. அகன்ற சிறகு | இ. மொட்டை மூக்கு |
|---|---|---|---|
| 1 | 9.40 | 6.20 | 8.60 |
| 2 | 8.75 | 11.30 | 8.90 |
| 3 | 10.20 | 5.45 | 8.35 |
| 4 | 3.10 | 7.10 | 9.10 |
| 5 | 9.05 | 8.20 | 8.80 |
| மொத்தம் | 40.50 | 38.25 | 43.75 |
| சராசரி | 8.10 | 7.65 | 8.75 |
| இடையம் | 9.05 | 7.10 | 8.80 |

அவதானிப்பு: அ, எறிதல் 4, மூக்குக் குத்தி விழுந்தது, எதிலும் படவில்லை. ஆ, எறிதல் 2, நேராகப் போனது, மற்றவை வளைந்தன.

இந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. மிக நீண்ட ஒற்றை எறிதல் ஆவுக்கு. சராசரியில் முதலிடம் இக்கு. இடையத்தில் ஈட்டி. ஒரே அளவுகளுக்கு மூன்று வெற்றியாளர்கள்! அந்தக் குழுவில் ஒரு பிள்ளை 3.10ஐ வெட்டிவிடக் கேட்டாள். வெட்டினால் ஈட்டியின் சராசரி 9.35 ஆகி அது வென்றுவிடும். ஆனால் விமானம் எதிலும் படவில்லையே. அவர்கள் எழுதிய விதிப்படி அது செல்லுபடியான எறிதல். பேனாவால் எழுதியதால் எண் அப்படியே நின்றது. சராசரி என்று முன்பே தீர்மானித்திருந்ததால் முடிவும் இ என்றே ஆனது. கருதுகோள் பிழையானது.

உங்கள் குழு எழுத வேண்டியவை

முடிவு உங்கள் கருதுகோளை ஆதரிக்கிறதா? எந்த வடிவத்தின் ஐந்து அளவுகளும் நெருங்கி நிற்கின்றன, எதில் சிதறுகின்றன? ஐந்துக்குப் பதிலாகப் பத்து முறை எறிந்தால் எந்த எண் மாறும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிய குழுவுக்கு இடைவேளையில் மண்டபச் சாவி தருவேன், எறிந்து பாருங்கள்.