வடம் புடிக்கிற பாட்டு: சேலம் சுகவனேசுவரர் வைகாசி விசாகத் தேருக்கு

குரல் கொடுக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்:

வரியை நீங்க மட்டும் பாடுங்க. ஐலசா மட்டும் கூட்டத்துக்கு. "ஐல" சொல்லும்போது மூச்சை இழுத்துக் காலை ஊன்றணும், "சா"வில்தான் கை இழுக்கணும். தாளம் அம்மாப்பேட்டைத் தறிமிதிச் சத்தம்தான், நம்ம ஆளுங்களுக்கு அது கால்லயே இருக்கு. பறைக்காரர் "சா"வுக்கு மட்டும் ஓங்கி அடிச்சாப் போதும். நடுவுல உருட்டு வேண்டாம்.

இன்னொன்னு. போன தடவை நான் எழுதின கடைசி வரி "நிலைக்கு வந்து சேரும் தேரே". பின்வரிசைக்கு அதுல பாதிதான் கேட்டுச்சு, "நில்"லுன்னு நினைச்சு வடத்தை விட்டுட்டாங்க. முன்னாடி இருந்தவங்க குப்புற விழப் பாத்தாங்க. தப்பு என்னுதுதான். அதனால இந்தப் பாட்டுல அந்தச் சத்தம் வர்ற ஒரு சொல்கூடக் கிடையாது. "நில்"லுன்னு எப்ப கேட்டாலும் அது நிறுத்தறதுக்கு மட்டும்தான். நீங்களா வரி சேத்தா இதைப் பாத்துச் சேருங்க.

தேர் அசையறதுக்கு (ரொம்ப மெதுவா, ஒரு வரிக்கு ஒரு மூச்சு)

சுகவனத்து ஈசருக்கு — ஐல… சா!
சொர்ணாம்பிகை ஆத்தாளுக்கு — ஐல… சா!
முட்டுக்கட்டை எடுத்தாச்சு — ஐல… சா!
மூங்கில்போல வளைஞ்சாச்சு — ஐல… சா!
குதிகாலை ஊன்றியாச்சு — ஐல… சா!
கூடி ஒரு மூச்சாச்சு — ஐல… சா!
அச்சு முனகக் கேட்டாச்சு — ஐல… சா!
அசைஞ்சிருச்சு அசைஞ்சிருச்சு — ஐல… சா!

(கடைசி வரியைத் தேர் நெசமாவே அசைஞ்சா மட்டும் பாடுங்க. அசையலைன்னா மேல இருந்து திரும்ப. பொய் சொன்னா அடுத்த இழுப்புக்குக் கை வராது.)

உருள ஆரம்பிச்சதும் (நடை வேகம், "ஐசா" போதும்)

மல்கோவா தின்ன கையி — ஐசா!
மடமடன்னு இழுக்கும் கையி — ஐசா!
செவ்வாப்பேட்டை வெள்ளிக்கொலுசு — ஐசா!
சேந்து ஒலிக்கும் தெருவெல்லாம் — ஐசா!
தறிமிதிச்ச காலு இது — ஐசா!
தளராத காலு இது — ஐசா!
இரும்பாலை மாமன்மாரே — ஐசா!
எஃகுபோலப் புடிங்கப்பா — ஐசா!
ஏற்காட்டுக் காப்பி குடிச்சு — ஐசா!
ஏறுன சூட்டைக் காட்டுங்கப்பா — ஐசா!
தட்டுவடை செட்டு ரெண்டு — ஐசா!
தின்ன தெம்பு எங்கப்பா — ஐசா!
இங்க இருக்கு இங்க இருக்கு — ஐசா!
இழுங்கப்பா இழுங்கம்மா — ஐசா!

(தட்டுவடை வரிக்குச் சிரிப்பு வரும். ரெண்டு தாளம் விட்டுட்டு அடுத்ததைப் பாடுங்க. சிரிச்சுக்கிட்டே இழுத்தா வடம் தொய்யும். வலது வடம், இடது வடம்னு போட்டி போடற வரியும் எழுதியிருந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, அடிச்சுட்டேன். ஒரு வடம் முந்தினாத் தேர் கோணும்.)

மூச்சு வாங்க, கதைப்பாட்டு (ரெண்டு வரிக்கு ஒரு இழுப்பு)

கிளியா பொறந்த சுகமுனிவன்
கிளிக்கூட்டத்தோட பூசை செஞ்சான் — ஐல… சா!
வேடன் ஒருத்தன் தொரத்தி வந்தான்
வெட்டினான் புத்தைக் கோவத்துல — ஐல… சா!
ராசக்கிளி ரெக்கை விரிச்சு
ஈசன் தலையை மூடுச்சய்யா — ஐல… சா!
வெட்டு வாங்கின ரெக்கைக்காக
விட்டுராம இழுங்கய்யா — ஐல… சா!
கிளிக்கு வந்த ஈசன் இன்னிக்கு
கீழத்தெருவுக்கும் வாறானய்யா — ஐல… சா!

(கீழத்தெரு எடத்துல எந்தத் தெருவுல போறீங்களோ அதைப் போடுங்க. அக்ரகாரமா இருந்தா "அக்ரகாரத்துக்கும்", கடைவீதின்னா "கடைவீதிக்கும்". திண்ணையில உக்காந்திருக்கற பாட்டிங்களும் அப்பத்தான் கூடச் சேந்து பாடுவாங்க.)

திருப்பத்துல

பாட்டு கிடையாது. பறையும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில கட்டை வெக்கிறவர் குரல் ஒன்னுதான் கேக்கணும், அவர் கைவிரல் அங்க இருக்கு. அவர் "போகலாம்"னு சொன்னப்புறம் "அசையறதுக்கு" பாட்டுல மூணாவது வரியில இருந்து எடுங்க.

சக்கரம் பள்ளத்துல மாட்டுனா

பின்னால நெம்பு போடுங்கண்ணா — ஐல… சா!
முன்னால நாங்க தூக்கறோம் — ஐல… சா!
ஒன்னு — ஐல… சா!
ரெண்டு — ஐல… சா!
மூணாவது நம்மளுது — ஐல… சா… சா… சா!

வீடு சேரும்போது (மறுபடி மெதுவா)

ஊரைச் சுத்திப் பாத்தாரு — ஐல… சா!
உச்சி வெயிலும் தாங்குனாரு — ஐல… சா!
தோரணம் கண்ணுல தெரியுது — ஐல… சா!
தோளு வலியும் இனிக்குது — ஐல… சா!
பத்தடி இருக்கு பாத்து வா — ஐல… சா!
ரெண்டடி இருக்கு மெல்ல வா — ஐல… சா!
வீடு வந்தது வீடு வந்தது

(இதுக்குக் கூட்டம் ஐலசா போடக் கூடாது. ஒத்திகையிலேயே சொல்லி வெச்சிருங்க. கட்டை விழுற சத்தம் கேட்டதும், ஒரே ஆள், ஒரே தடவை:)

நில்!