சளித்தடவலுக்கு ஜீல்–நீல்சன் சாயமேற்றும் செயல்முறை: தமிழ் வடிவம்

சளியில் காசநோய்க் கிருமி உள்ளதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் தடவலுக்குச் சாயமேற்றும் ஆங்கிலச் செயல்முறையின் தமிழாக்கம் இது. ஆங்கில மூலத்தில் கட்டாயமாகச் சொல்லப்பட்டவை இங்கு 'வேண்டும்', 'கூடாது' என்றும், விருப்பத்துக்கு விடப்பட்டவை '-லாம்' என்றும் தரப்பட்டுள்ளன. '2 முதல் 4 நிமிடம்' என்பதைச் 'சில நிமிடம்' என்று தளர்த்தவில்லை. படிகளின் எண்வரிசையும் மூலத்தில் உள்ளதே. ஐயம் எழுந்தால் மூலமே செல்லும்.

எச்சரிக்கை: 25% கந்தக அமிலம் தயாரிக்கும்போது 375 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 125 மி.லி. அடர் அமிலத்தைக் குடுவையின் உட்சுவர் வழியாகச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கலவை கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்த பின்னரே புட்டியைத் திறக்க வேண்டும். தோலில் பட்டால் உடனே குழாய் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கார்பால் ஃபுக்சின் சாயத்தில் உள்ள பீனாலும் தோலைப் புண்ணாக்கும். அந்தச் சாயம் எரியக்கூடிய ஆல்கஹாலும் கலந்தது என்பதால், விளக்கு எரியும் மேசையில் அதன் புட்டியைத் திறந்து வைக்கக் கூடாது.

1. காற்றில் உலர்ந்து, சுடரில் காட்டி நிலைப்படுத்திய ஸ்லைடுகளை, தடவல் மேற்புறமாக இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் சாயத்தாங்கியில் அடுக்க வேண்டும்.

2. தடவல் முழுவதும் மூழ்கும்படி வடிகட்டிய 1% கார்பால் ஃபுக்சினை ஊற்ற வேண்டும்.

3. ஸ்பிரிட் விளக்கால் அடியிலிருந்து ஆவி எழும்வரை சூடாக்கி, விளக்கை எடுத்துவிட்டு 5 நிமிடம் விட வேண்டும். நேரம் ஆவி எழுந்தது முதல் கணக்கிடப்படும், சாயம் ஊற்றியது முதல் அன்று. சாயம் கொதிக்கவும் கூடாது, உலரவும் கூடாது. ஓரம் வறண்டு பச்சைநிறப் பளபளப்பு தோன்றுமுன் சாயம் சேர்க்க வேண்டும்.

4. ஸ்லைடு ஆறிய பின், மெல்லிய நீரோட்டத்தில் கழுவி, நீரை வடிக்க வேண்டும்.

5. 25% கந்தக அமிலத்தை ஊற்றி 2 முதல் 4 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். சிவப்பு இன்னும் நீங்காதிருந்தால் அமிலத்தை மீண்டும் 1 முதல் 3 நிமிடம் ஊற்றலாம்.

6. 0.1% மெத்திலீன் ப்ளூவை 30 விநாடி மட்டும் விட்டு, கழுவி, காற்றில் உலர்த்த வேண்டும். துடைக்கக் கூடாது.

7. எண்ணெய்த் துளியிட்டு 100 மடங்கு லென்சில் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் புட்டியின் குச்சி ஸ்லைடைத் தொடக் கூடாது, தொட்டால் ஒரு ஸ்லைடின் கிருமி அடுத்ததற்குப் போய்ச் சேரும். 100 பார்வைப் புலங்களிலும் கிருமி ஒன்றும் காணப்படாவிட்டால் மட்டுமே 'இல்லை' என எழுத வேண்டும். 100 புலங்களில் 1 முதல் 9 வரை இருந்தால் கண்ட எண்ணிக்கையையே பதிய வேண்டும்.

சாயத்தின் ஒவ்வொரு புதிய தயாரிப்பையும், கிருமி உள்ளதெனவும் இல்லையெனவும் அறியப்பட்ட இரு ஸ்லைடுகளில் சோதித்த பின்னரே நோயாளியின் ஸ்லைடுக்குப் பயன்படுத்த வேண்டும்.