பதினேழு வயது வீரரின் ஒப்பந்தம்: பெற்றோருக்கான எளிய விளக்கம்

தங்கள் மகனுக்கும் கால்பந்துக் கழகத்துக்கும் இடையிலான இந்த ஒப்பந்தம் 2025 ஜூலை 1 முதல் 2028 ஜூன் 30 வரை நடைமுறையில் இருக்கும். பதினெட்டு வயது நிரம்பாத வீரரை மூன்றாண்டுகளுக்கு மேல் பிணைப்பதை ஃபிஃபா விதிகள் ஏற்பதில்லை.

மாதச் சம்பளம் முதலாண்டில் ரூ.25,000, அடுத்த ஆண்டுகளில் ரூ.32,000, ரூ.40,000. காயத்தால் ஆட இயலாத மாதங்களிலும் இது குறையாது.

பெற்றோரைப் பெரிதும் கலங்கவைப்பது விடுவிப்புத் தொகையான ரூ.15 லட்சம்தான். அதைச் செலுத்த வேண்டியது தங்கள் மகனைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் வேறு கழகமே தவிர, நீங்கள் அல்ல. அத்தொகை செலுத்தப்பட்டு, மகனும் சம்மதித்துவிட்டால், இக்கழகம் அவரைத் தடுக்க முடியாது.

இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்துமூலம் அறிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் தந்த பின்பும் பணம் வராத நிலையில், அவர் எத்தொகையும் செலுத்தாமல் விலகலாம்.