எக்ஸிமா உள்ள குழந்தையின் தோல் பராமரிப்பு: பெற்றோருக்கான கையேடு

முழங்கை, முழங்கால் மடிப்புகளில் எக்ஸிமா உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கானது. முகத்துக்கு 1% ஹைட்ரோகார்ட்டிசோன், உடம்புக்குச் சற்று வீரியம் கூடிய ஸ்டீராய்டு களிம்பு என்று டாக்டர் இரண்டு ட்யூப் தந்திருப்பார். எது எங்கே என்று ட்யூப் மேலேயே எழுதி வையுங்கள்.

தினமும்: மாய்ஸ்சரைசர்

இந்தக் குழந்தைகளின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதனால் தோல் நன்றாக இருக்கும் நாளிலும் மாய்ஸ்சரைசர் தேவை. குறைந்தது இரண்டு வேளை, உடம்பு முழுக்கத் தடவுங்கள்.

வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாக வேண்டும். 100 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்றால் தடவுவது போதவில்லை. "க்ரீம் வேலை செய்யவில்லை" என்று வருபவர்களில் பலருக்குச் சிக்கல் இந்த அளவில்தான்.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டுங்கள். சோப்பு, நுரைக் குளியல் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவில் விரலை விடாதீர்கள், சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

வாசனையில்லாத ஆயின்ட்மென்ட் வகை மாய்ஸ்சரைசர் மிக வறண்ட தோலுக்கு நல்லது. லோஷனில் நீர் அதிகம், சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் பிசுபிசுப்பு பிடிக்காமல் குழந்தை ஓடினால் க்ரீமுக்கு மாறுங்கள். தடவ விடுகிற க்ரீம்தான் நல்ல க்ரீம். எதுவானாலும் துணியில் ஊறியபின் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்குப் பக்கம் கவனம்.

திடீரெனக் கிளம்பும்போது

தோல் சிவந்து, சொரசொரத்து, குழந்தை இரவில் சொறிந்து விழிக்கிறதா? அன்றே ஸ்டீராய்டு களிம்பைத் தொடங்குங்கள். முதலில் மாய்ஸ்சரைசர், அரை மணி கழித்துச் சிவந்த இடங்களில் மட்டும் களிம்பு. டாக்டர் சொன்னபடி ஒரு வேளையோ இரு வேளையோ போடுங்கள்.

பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு (விரல்களையும் சேர்த்து) அது போதும்.

ஸ்டீராய்டு என்றதும் பயந்து பொட்டுப்போல வைத்து, இரண்டே நாளில் நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வீக்கம் அரைகுறையாக அடங்கி, மறுபடி கிளம்பும்; கடைசியில் அதிகக் களிம்பு தேவைப்படும். சொரசொரப்பு முழுதும் போகும் வரை போடுங்கள். உடம்பில் பெரும்பாலும் 7 முதல் 14 நாள், முகத்தில் 3 முதல் 5 நாள். அதற்குள் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் எஞ்சும் கருமையோ வெண்மையோ மெல்ல மறையும், அதற்காகக் களிம்பைத் தொடர வேண்டாம். மாய்ஸ்சரைசரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் தளர்வான பருத்தி உடை போடுங்கள்.

டாக்டரிடம் எப்போது

தேன் நிறப் பொருக்கு, நீர்க்கசிவு, சீழ் இருந்தால் கிருமித்தொற்று. ஓரிரு நாளில் காட்டுங்கள், காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே. ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குழி விழுந்த புண்ணாகி வலித்தால், ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.