பதில்: நேவி துணி, நாளைக் காலை கட்டிங்

புதன், இரவு 9.35

அக்கா, இந்நேரம் பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பீங்க என்று ஃபோன் பண்ணவில்லை, அதனால் எழுதுகிறேன். நேவி துணி வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கே வண்டி கிளம்பிவிட்டது என்று பட்டறையில் சொன்னார்கள், ஆனால் பல்லடம் ரோட்டில் நல்ல மழை, டிரைவர் எங்கேயோ ஒதுங்கி நின்றிருக்கிறார், இங்கே வந்து சேரும்போது ஆறே கால். 45 ரோல், 1,012 கிலோ 500 கிராம். சலானும் எடையும் ஒத்துப் போகிறது. ஒரு ரோலுக்கு மட்டும் பாலிதீன் கவர் கிழிந்து ஓரம் ஈரமாக இருந்தது, அதைத் தனியாக மேசையில் விரித்து ஃபேன் போட்டிருக்கிறேன், கறை எதுவும் பிடிக்கவில்லை. ஆட்கள் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள், கேட்டதும் இருந்து மொத்த ரோலையும் பிரித்து ரேக்கில் தளர விட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன், வவுச்சர் நாளைக்கு வைக்கிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், பட்டறையில் இரண்டு லாட்டாகச் சாயம் போட்டிருக்கிறார்கள். முதல் லாட் 23 ரோல், இரண்டாவது 22. கழுத்து ரிப்பும் லாட் வாரியாகத் தனித்தனி மூட்டையில் வந்திருக்கிறது, அது நல்லதாகப் போயிற்று. டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எனக்கு மனசு கேட்காமல், இருட்டுவதற்கு முன்னால் இரண்டிலும் ஒவ்வொரு ரோலை வாசலுக்குத் தூக்கி வரச்சொல்லி, முனையை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவது லாட் கொஞ்சம் சிவப்பு அடிக்கிறது. முதல் லாட் மயில் கழுத்து மாதிரி நல்ல நீலம், இது கத்தரிக்காய்ப் பக்கம் ஒரு நூல் சாய்ந்த மாதிரி. வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு எது எது என்று சொல்லாமல் காட்டினேன், அவரும் இது வேற துணிங்களா என்றுதான் கேட்டார்.

உடனே டையிங் மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன். ரெசிபி ஒன்றேதான், கிராம் கூட மாற்றவில்லை, இரண்டாவது லாட்டுக்கு மீட்ட உப்புத் தண்ணீரில் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கலாம், ஆனால் அப்ரூவல் பேண்டுக்குள்தான் இருக்கும் என்கிறார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. 2011இல் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடியபோது அவர் ஆறு மாதம் சென்னிமலைப் பக்கம் மாமனார் தோட்டத்தில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தாராம், அதற்கப்புறம் சொட்டுத் தண்ணீர் வெளியே விடக்கூடாது என்று ஆன பிறகு சாயம் போடுகிற முறையையே புதிதாகப் படித்த மாதிரிதான் என்றார். நல்ல மனிதர் அக்கா, பொய் சொல்லுகிறவர் மாதிரி தெரியவில்லை. வேண்டுமென்றால் இரண்டாவது லாட்டைத் திருப்பி அனுப்புங்க, டாப்பிங் பண்ணித் தருகிறேன் என்கிறார். சாயம், காயவைப்பது, காம்பேக்டிங் எல்லாம் சேர்த்துப் போக வர ஆறு நாள் கேட்கிறார்.

ஆறு நாள் நம்மிடம் எங்கே இருக்கிறது? தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் போகிற நாளை வைத்துப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் நாளை எல்லாம் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாள் துண்டு விழுகிறது. ஏரில் போட்டால் இந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கலாமா என்றும் தோன்றியது, டிராஃப்ட் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் கேட்டால் புது ஸ்வாட்ச் அனுப்பு என்பார்கள், அது போய்ச் சேர்ந்து பதில் வர அதுவே ஒரு வாரம்.

எனக்குப் பயம் எதனால் என்று உங்களுக்குத் தெரியும். போன வருசம் அந்த மெரூன் ஆர்டர். தைத்து முடித்து அயர்ன் மேசைக்கு வந்த பிறகுதான் பாடி ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று கண்ணில் பட்டது. முந்நூறு பீஸுக்கு மேல் கையைப் பிரித்துத் தைத்தோம். செக்கிங் அக்காமார் இரண்டு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஆர்டரில் துணியைப் பார்த்து ஓகே சொன்னது நான்தான், இன்றைக்கும் மெரூன் துணியைக் கையில் எடுத்தால் அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. அதனால் இன்றைக்கு ஏழரை மணிக்கு லைட் பாக்ஸைப் போட்டு, குவாலிட்டி அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பையர் கையெழுத்துப் போட்ட மூன்று துண்டையும் எடுத்துப் பார்த்தோம். D65இல் இரண்டாவது லாட் மூன்றாவது துண்டுக்குள்தான் நிற்கிறது, தாண்டவில்லை, அந்த லாட்டில் ஆறு ரோலில் வெட்டிப் பார்த்தும் அதேதான். TL84இலும் பார்த்தாயிற்று.

ஜிஎஸ்எம் 45 ரோலுக்கும் எடுத்தோம். 150 கேட்டிருக்கிறோம், ஐந்து சதவீதம் கூடக் குறைய விடலாம், அதாவது 142.5க்குக் கீழே போகக்கூடாது. முதல் லாட் எல்லாமே 146லிருந்து 151க்குள் நிற்கிறது. இரண்டாவது லாட்டில் 9, 14, 21 மூன்று ரோலும் 138, 139, 140 வருகிறது, ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் வட்டம் வெட்டி எடை போட்டேன், தராசையும் சரிபார்த்தேன். மற்றது பரவாயில்லை. சுருக்கம் நீளத்தில் 4, அகலத்தில் 3.5 சதவீதம், ஐந்துக்குள் இருக்கிறது. ஈரத் தேய்ப்பில் 3 வந்திருக்கிறது, பையர் கேட்டதும் 3தான்.

இன்னொன்று, கட்டிங் மாஸ்டர் நாளைக்கு ஒரு மணியோடு கிளம்புகிறார். காங்கயத்தில் அக்கா மகளுக்குச் சீர், தாய்மாமன் இல்லாமல் முடியாது, நான் என்ன சொல்ல. வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவேன் என்கிறார். ஒடிசா பையன்களில் நாலு பேர் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை, காண்ட்ராக்டர் ரயில் டிக்கெட்டைக் காட்டுகிறார், சனிக்கிழமைதான். சைஸ் லேபிளில் பையர் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள், எழுத்து அளவு மட்டும். பாலிபேக் வந்தது 5,800தான், மிச்சம் நாளைக்கு என்கிறார்கள்.

இப்போது லாட் இரண்டைத் திருப்பி அனுப்புவதா, பையரைக் கேட்பதா, அப்படியே போடுவதா, இல்லை நாளைக்கு மேசையைக் காலியாக விட்டு நீங்கள் வந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகு முடிவு பண்ணுவதா? மாஸ்டர் எட்டரைக்கு லே போட வந்து நிற்பார். என்ன சொல்லட்டுமுங்க?


இரவு 9.52

தம்பி, காலை எட்டரைக்குக் கட்டிங் போடுங்க. துணி திரும்பப் போக வேண்டாம், பையர் மெயிலும் வேண்டாம்.

லைட் பாக்ஸில் மூன்றாவது துண்டுக்குள் நிற்கிறது என்று எழுதியிருக்கீங்களே, எனக்கு அது போதும். வாசல் வெளிச்சத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் நிஜம்தான், ஆனால் பையர் கையெழுத்துப் போட்டிருப்பது அந்தத் துண்டில், அதற்குள் இருக்கிற துணியைத் திருப்பி அனுப்ப நமக்கு நாளும் இல்லை, காரணமும் இல்லை.

நாளைக்கு முதல் லாட் மட்டும். மாஸ்டர் ஒரு மணிக்குப் போகும்போது எது முடிந்திருக்கிறதோ அதோடு நிறுத்திவிடுங்க, அவர் இல்லாமல் யாரும் கத்தியைத் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமை அவர் வந்து முதல் லாட்டின் கடைசி லேயரை முடித்து, மேசையைக் காலி செய்து கூட்டிய பிறகுதான் இரண்டாவது லாட் மேசைக்கு ஏற வேண்டும். பாடி, கை, கழுத்து ரிப் மூன்றும் அந்தந்த லாட்டிலேயே. பண்டில் டிக்கெட் முதல் லாட்டுக்கு வெள்ளை, இரண்டாவதுக்கு மஞ்சள். இரண்டும் வேற வேற லைனுக்குப் போகட்டும், ஒரு பெட்டிக்குள் ஒரே லாட்தான் இருக்க வேண்டும்.

9, 14, 21 மூன்று ரோலையும் தனியாக எடுத்து மேலே ஸ்கெட்ச்சில் எழுதி வைத்துவிடுங்க, காம்பேக்டிங் மறுபடி ஓட்டினால் ஜிஎஸ்எம் ஏறும், ஏறினால் கையிருப்பாக இருக்கட்டும். அது இல்லாமலே 42 ரோல், 945 கிலோ இருக்கிறது. பீஸுக்கு 155 கிராம் வைத்தாலும் 6,096 வரும், நமக்கு வேண்டியது 6,000. இறுக்கம்தான், அதனால் முனைத் துண்டு வேஸ்ட் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க.

மெரூன் விஷயம்: அன்றைக்கு நீங்கள் ஓகே சொன்ன துணியில் குறை இல்லை. மேசையில் இரண்டு லாட்டையும் ஒரே லேயில் போட்டார்கள், அதைப் பார்க்க வேண்டியவள் நான், பார்க்கவில்லை. அதை நீங்கள் இத்தனை நாள் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது கண்ணு. வெள்ளிக்கிழமை இரண்டாவது லாட் ஏறும்போது நான் மேசையிலேயே நிற்கிறேன்.

லேபிள், பாலிபேக், ஆள் கணக்கு எல்லாம் நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பேசலாம். சாப்பிட்டுத் தூங்குங்க.


இரவு 9.58

சரிங்க அக்கா. மாஸ்டருக்குச் சொல்லிவிட்டேன், முதல் லாட் மட்டும் என்று. ஸ்டோரில் மஞ்சள் டிக்கெட் ஒரு கட்டு இருக்கிறது, காலையில் முதல் வேலையாக எடுத்து வைக்கிறேன். பையர் மெயில் டிராஃப்ட்டை அழித்துவிட்டேன்.