11-வது ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பும் ப்ராக்ஸி படிவமும் (தமிழாக்கம்)

குறிச்சி வார்ப்பகம் பிரைவேட் லிமிடெட்
பதிவு அலுவலகம்: சிட்கோ தொழிற்பேட்டை, குறிச்சி, கோயம்புத்தூர்

1 செப்டம்பர் 2025

பங்குதாரர்கள் அனைவருக்கும்,

நம் கம்பெனியின் 11-வது ஆண்டுப் பொதுக்கூட்டம் 27 செப்டம்பர் 2025, சனிக்கிழமை காலை 10.30 மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நடக்கும். ஆங்கில அறிவிப்பும் இதே உறையில் இருக்கிறது. இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு தெரிந்தால் ஆங்கிலமே செல்லும்.

கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை:

1. 31 மார்ச் 2025-ல் முடிந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்குகளையும், இயக்குநர் குழு மற்றும் ஆடிட்டர் அறிக்கைகளையும் ஏற்பது.

2. 100 ரூபாய் பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய் டிவிடெண்ட் அறிவிப்பது. மொத்தம் 40,000 பங்குகளுக்கு 3,20,000 ரூபாய். ஒப்புதல் கிடைத்தால் 30 நாளுக்குள் வங்கிக் கணக்கில் சேரும்.

3. இப்போதைய ஆடிட்டரின் பதவிக்காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. அவரையே 16-வது பொதுக்கூட்டம் முடியும்வரை, அதாவது 5 ஆண்டுகளுக்கு, மீண்டும் நியமிப்பது.

இயக்குநர் குழுவின் உத்தரவுப்படி,
ரா. சுந்தரம்
மேனேஜிங் டைரக்டர்

குறிப்பு

நேரில் வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஓட்டுப் போட ஒருவரை நியமிக்கலாம். அவர்தான் ப்ராக்ஸி. அவர் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை.

போன வருடம் வாசலிலேயே வாக்குவாதம் வந்ததால் இதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறோம்: ப்ராக்ஸி கூட்டத்தில் பேச முடியாது. கை தூக்கும் ஓட்டெடுப்பில் அவர் கை கணக்கில் வராது. சீட்டில் எழுதிப் போடும் வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே அவருக்கு ஓட்டு. எனவே கணக்கில் கேள்வி கேட்க நினைப்பவர்கள் நேரில் வாருங்கள். ப்ராக்ஸி கொடுத்துவிட்டு நீங்களே வந்துவிட்டாலும் சரி, உங்கள் ஓட்டுதான் எடுபடும்.

கையெழுத்திட்ட படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பாக, 25 செப்டம்பர் வியாழன் காலை 10.30-க்குள், பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. நிரப்பத் தயங்குபவர்களுக்காகக் கீழே ஒரு மாதிரி. பெயர்கள் கற்பனை. வெற்றுப் படிவம் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது.

ப்ராக்ஸி படிவம் (எம்ஜிடி-11): நிரப்பிய மாதிரி

குனியமுத்தூரில் வசிக்கும் பழனியம்மாள் ஆகிய நான், ஃபோலியோ எண் 14-ல் 600 பங்குகள் வைத்திருக்கும் உறுப்பினர். என் தங்கை மகன் செந்தில்குமாரை (போத்தனூர்), அவர் வராவிட்டால் என் மகள் கவிதாவை (சுந்தராபுரம்), 27 செப்டம்பர் 2025 அன்று நடக்கும் 11-வது ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும், அது ஒத்திவைக்கப்பட்டால் மீண்டும் கூடும் கூட்டத்திலும், எனக்காகக் கலந்துகொண்டு வாக்களிக்க ப்ராக்ஸியாக நியமிக்கிறேன்.

தீர்மானம் 1, கணக்குகள்: ஆதரவு
தீர்மானம் 2, டிவிடெண்ட்: ஆதரவு
தீர்மானம் 3, ஆடிட்டர்: எதிர்ப்பு

நாள்: 20 செப்டம்பர் 2025
உறுப்பினர் ஒப்பம் (ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்): பழனியம்மாள்
ப்ராக்ஸிகளின் ஒப்பம்: செந்தில்குமார், கவிதா